பத்து நாளில் நின்ற தூக்கு: உலக நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு எப்படி வேலை செய்கிறது?

மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்கோடு போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது இடைக்காலத் தடையைத்தான். வீட்டை இடிக்க நோட்டீஸ் வந்துவிட்ட பிறகு, மூன்று வருடம் கழித்து வரும் நல்ல தீர்ப்பு இடிந்த வீட்டை எழுப்பித் தராது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கும் இதே கவலை உண்டு. அதன் சட்டவிதிகளில் 41-ஆம் பிரிவு, தீர்ப்புக்கு முன்பே இடைக்கால நடவடிக்கைகளுக்கு உத்தரவிட அதிகாரம் தருகிறது. அப்படி ஓர் உத்தரவு வந்தால் நம் ஊரில் ‘வெற்றி’ என்று செய்தி போடுகிறார்கள். அது சரியல்ல. யார் பக்கம் நியாயம் என்று இடைக்கால உத்தரவு சொல்வதில்லை. தீர்ப்பு வரும் நாளில் காப்பாற்ற ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பதையே அது முக்கியமாகப் பார்க்கிறது. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும். இந்தியர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு குல்பூஷண் ஜாதவ் வழக்கு.

முன்னாள் கடற்படை அதிகாரியான ஜாதவை உளவாளி என்று பாகிஸ்தான் 2016 மார்ச்சில் கைது செய்தது. தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்க அனுமதிக்குமாறு இந்தியா திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டது, அனுமதி கிடைக்கவில்லை. 2017 ஏப்ரல் 10 அன்று, இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்ததாகப் பாகிஸ்தான் அறிவித்தது. மே 8 அன்று இந்தியா ஹேக் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே நீதிமன்றத் தலைவர், பிறக்கவிருக்கும் உத்தரவு பயனற்றுப் போகாதபடி நடந்துகொள்ளுமாறு பாகிஸ்தானுக்குக் கடிதம் எழுதினார். மே 15-இல் இரு தரப்பும் வாதாடின. மே 18-இல் ஒருமனதாக உத்தரவு வந்தது: இறுதித் தீர்ப்பு வரும் வரை ஜாதவ் தூக்கிலிடப்படாமல் இருக்கத் தன்னால் ஆன எல்லா நடவடிக்கைகளையும் பாகிஸ்தான் எடுக்க வேண்டும், எடுத்ததை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனு போட்டதிலிருந்து பத்தே நாள்.

அந்தப் பத்து நாளில் நீதிமன்றம் முதலில் பார்த்தது, வழக்கை விசாரிக்கத் தனக்கு மேலோட்டமாகவாவது அதிகாரம் இருக்கிறதா என்பதை. அடுத்து, கோரப்படும் உரிமை நம்பத்தக்கதா என்று பார்த்தது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் கைதாகிறவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்குச் சேதி சொல்லும் உரிமை இருப்பதைக் காவலர்கள் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கவும் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யவும் இடம் தர வேண்டும். உளவாளிக்கு இது பொருந்தாது என்றும், 2008-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தமே செல்லும் என்றும் பாகிஸ்தான் வாதிட்டது. நீதிமன்றம் அந்தச் சர்ச்சைக்குள் முழுதாக நுழையவில்லை. ஒருவர் கைதாகி, தூதரகத் தொடர்பே இல்லாமல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார் என்று ஒரு நாடு சொல்லும்போது, அது கோரும் உரிமை நம்பத்தக்கதே என்பதோடு நின்றது. உள்ளூர் வழக்குகளில் ‘முகாந்திரம் இருக்கிறது’ என்று சொல்வதற்கு இது நெருங்கியது. ஜாதவ் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஈடுசெய்ய முடியாத தீங்கு என்பதை நிறுவுவது இங்கே எளிதாக இருந்தது. தூக்கிலிட்டுவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பும் அந்த மனிதருக்குப் பயன்படாது. கடினமான கேள்வி அவசரம் பற்றியது. மேல்முறையீடும் கருணை மனுவும் பாக்கி இருப்பதால் ஆகஸ்ட் கடைசிக்கு முன் தண்டனை நிறைவேறாது, அதனால் அவசரமே இல்லை என்றது பாகிஸ்தான். நீதிமன்றம் அந்த வாதத்தையே திருப்பிப் பார்த்தது. ஆகஸ்டுக்கு முன் இல்லை என்றால், அதற்குப் பிறகு எந்த நாளிலும் நடக்கலாம் என்றுதானே பொருள்? இறுதித் தீர்ப்போ அதற்குள் வராது. அதுவரை தூக்கிலிட மாட்டோம் என்ற உறுதியையும் பாகிஸ்தான் தரவில்லை. ஆகவே அவசரம் என்றால் நாளையே நடக்கப் போகிறது என்று அர்த்தமல்ல. தீர்ப்பு வருவதற்குள் நடந்துவிடக் கூடும் என்பதே. உறுதிமொழிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 2009-இல் பெல்ஜியம் செனகல் மீது போட்ட வழக்கு காட்டியது. சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரேயை நாட்டை விட்டு வெளியேற விட மாட்டோம் என்று செனகல் நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. அவசரம் இல்லை என்று கூறி நீதிமன்றம் உத்தரவு பிறப்பிக்க மறுத்தது.

போலீஸ் இல்லாத நீதிமன்றத்தின் உத்தரவால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 1999 மார்ச் 3 அன்று, ஜெர்மன் குடிமகன் வால்டர் லாகிராண்டின் தண்டனையை நிறுத்தி வைக்கும்படி ஹேக் உத்தரவிட்ட அதே நாளில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. ஆனால் ஜெர்மனி வழக்கை விடவில்லை. 2001-இல் வந்த தீர்ப்பு, இடைக்கால உத்தரவு வெறும் வேண்டுகோள் அல்ல, நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று முதன்முறையாகத் திட்டவட்டமாகச் சொன்னது. 2022-இல் உக்ரைனில் இராணுவ நடவடிக்கையை நிறுத்தும்படி வந்த உத்தரவை ரஷ்யா மதிக்கவில்லை என்பதும் உண்மைதான். மீறுகிற நாட்டை உடனே தடுக்க ஹேக்கிடம் கருவி இல்லை. மீறல் தனிக் குற்றச்சாட்டாகப் பதிவாகும், அவ்வளவுதான். ஆனால் ஜாதவ் வழக்கில் உத்தரவு நின்றது. 2019 ஜூலை 17 அன்று 15-க்கு 1 என்ற கணக்கில் பாகிஸ்தான் 36-ஆம் பிரிவை மீறியதாகத் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். விடுதலை கேட்ட இந்தியாவின் கோரிக்கையை அதே தீர்ப்பு ஏற்கவில்லை. தண்டனையை முறையாக மறுபரிசீலனை செய்யவும், அதுவரை தூக்கை நிறுத்தி வைக்கவும் சொன்னது.

அப்படியென்றால் இராமநாதபுரம் மீனவர்களுக்காக இலங்கை மீது ஹேக்குக்கு ஏன் போகக் கூடாது? அவர்களுடைய வழக்குகள் மதுரைக் கிளைக்கே வருவதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. சிக்கல் வாசலிலேயே இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளில் ஹேக்கின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்று இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது. தன் விமானத்தை 1999-இல் இந்தியா சுட்டு வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் போட்ட வழக்கு, 2000-இல் இந்தக் காரணத்தால்தான் தள்ளுபடியானது. ஜாதவ் வழக்கில் தனி வாசல் இருந்தது: வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை இரு நாடுகளும் ஏற்றிருந்தன. அத்தகைய வாசல் இல்லாத இடத்தில், எவ்வளவு பெரிய துயரமும் இடைக்கால உத்தரவாக மாறாது. அது திறந்திருந்தாலும், பறிபோன படகுக்குப் பணமாக ஈடு கேட்க முடியும் என்பதால் ஈடுசெய்ய முடியாத தீங்கு என்று நிறுவுவது கடினம்.

ஹேக்குக்குப் போக நாடுகளுக்கு மட்டுமே உரிமை. வளைகுடாவிலோ மலேசியாவிலோ கைதான ஒருவரின் குடும்பம் நேரடியாக மனு போட முடியாது. போகும்படி அரசுக்கு உத்தரவிட உயர் நீதிமன்றமும் பொதுவாக முன்வராது. ஆனால் ஜாதவ் வழக்கில் உரிமை நம்பத்தக்கது என்று காட்ட உதவியது, இந்தியா அனுப்பி வைத்திருந்த கடிதங்களின் வரிசை. மதுரையிலோ உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் குடும்பம் அந்த வரிசையைத் தொடங்கி வைக்கலாம். கைதானவர், ‘நான் இந்தியக் குடிமகன், என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் பாஸ்போர்ட் நகல், கைதான தேதி, இடம் ஆகியவற்றோடு இந்தியத் தூதரகத்துக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் MADAD இணையதளத்துக்கும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால், அந்த மனுவின் மீது நடவடிக்கை எடுக்க அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். தூதரகச் சந்திப்பு மறுக்கப்பட்டது எந்தத் தேதியில் என்று சொல்லும் ஒரு காகிதம், தண்டனை அறிவித்த பிறகு திரட்டும் நூறு கையெழுத்துகளை விட வலுவானது.