பகல் படத்தில் இரவு விளக்கு

திருமண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டூடியோக்களுக்கு வரும் கோரிக்கைகளில் ஒன்று இது. குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து நிற்கும் ஒரே படம் மாலை நான்கு மணிக்கு எடுக்கப்பட்டிருக்கும். மற்ற படங்களெல்லாம் இரவு வரவேற்பில் எடுத்தவையாக இருக்கும். அந்த ஒரு படத்தையும் இரவில் எடுத்ததுபோல மாற்றித் தரச் சொல்வார்கள். கணினியில் இதைச் செய்ய முடியும். ஆனால், செய்து தரப்படும் படங்களில் பல, நீலக் கண்ணாடித்தாள் வழியே பார்த்த பகலாகவே இருக்கின்றன. இன்னும் சிலவற்றில் சுற்றுப்புறம் இருண்டிருக்க, பன்னிரண்டு முகங்களும் ஒரே அளவில் பளிச்சென்று, வெட்டி ஒட்டியவைபோலத் தெரிகின்றன.

இந்த வித்தையைத் திரைப்படத்துறை நெடுங்காலமாக அறியும். பட்டப்பகலில் காட்சியை எடுத்து, கண்ணாடி வில்லையின் மேல் நீல வடிகட்டியைப் பொருத்தியும் ஒளியளவைக் குறைத்தும் அதை இரவாகக் காட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'அமெரிக்க இரவு' என்று பெயரிட்டனர். பிரான்சுவா த்ரூஃபோ 1973-இல் எடுத்த திரைப்படத்தின் தலைப்பே அதுதான். 2015-இல் வெளிவந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தின் இரவுக் காட்சிகளும் பகலில் எடுக்கப்பட்டவையே. அங்கே ஒளிப்பதிவாளர் ஜான் சீல் வழக்கத்துக்கு நேர்மாறாக நடந்தார். காட்சியைத் தேவைக்கு மேல் வெளிச்சமாகவே பதிவு செய்துகொண்டார். இருளான பகுதிகளிலும் விவரம் பதிவாகியிருந்தால்தான், பிறகு படத்தை இருட்டாக்கும்போது அங்கே வெறும் கறுப்பு மிஞ்சாமல் இருக்கும்.

அவர்கள் வானத்தையும் மணலையும் நீலமாக்கினால் போதும்; நிலவொளியில் நடக்கும் கதை அது. குடும்பப் படத்தின் சிக்கல் வேறு. இரவில் யாரும் நிலவொளியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. முழுநிலவின் வெளிச்சம் சூரிய ஒளியில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்குதான். எனவே முகங்கள் தெரிகின்றன என்றால், அங்கே ஒரு விளக்கு இருந்தாக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யாமல் தொடங்குவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் திண்ணை. மேகமூட்டமான மாலை. இந்த மேகமூட்டம் ஒரு கொடை என்றே சொல்ல வேண்டும். வெயிலில் எடுத்த படமாக இருந்தால் மூக்கின் கீழும் கண்குழியிலும் அழுத்தமான நிழல் விழுந்திருக்கும். அதை அழித்து வேறு திசையில் நிழல் வரைவது ஏறக்குறைய முகத்தையே மறுபடி வரைவதாகிவிடும். வெயிலுக்குச் சுருங்கிய கண்களை எந்த மென்பொருளும் நயமாக விரித்துத் தராது. அப்படிப்பட்ட படத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

வழக்கமாக முதலில் கை போவது திண்ணை விளக்கின் மேல். அதை ஒளிரச் செய்து, சுற்றிலும் மஞ்சள் ஒளிவட்டம் போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அது மனிதர்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் வெளிச்சம் அவர்களுடைய கூந்தலின் ஓரத்தையும் தோள்களின் விளிம்பையும்தான் தொடும், முகத்தில் விழாது. முகத்துக்கு முன்னால் இன்னொரு விளக்கு வேண்டும். நம் எடுத்துக்காட்டில், படத்தின் சட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் முன்னால், வாயில் தூண் மேல் ஒரு குண்டு பல்பு எரிவதாக வைத்துக்கொள்வோம்.

இனி படத்தை இருட்டாக்கலாம். போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் Exposure என்ற அளவு உண்டு. அதில் ஒன்றைக் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். மூன்றைக் குறைத்தால் எட்டில் ஒரு பங்காகும். நம் படத்துக்கு -3 பொருந்தும். பகல் வெளிச்சத்தை 100 என்று கொண்டால், இப்போது எல்லா இடத்திலும் சுமார் 12 மிஞ்சுகிறது. இதுதான் விளக்கு இல்லாத இரவு. வானத்தைத் தனியாகப் பிரித்து இன்னும் வெகுவாக இருட்டாக்க வேண்டும். பகலில் படத்திலேயே மிகப் பிரகாசமான பகுதி வானம். இரவில் மிக இருண்ட பகுதிகளில் ஒன்று அது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் செய்யாவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது. கூடவே நிறங்களின் செறிவைக் குறைத்து, சற்றே நீலம் ஏற்ற வேண்டும். உண்மையில் நிலவொளி நீலம் அல்ல. சூரிய ஒளியைவிடச் சற்றுச் சிவந்தது. மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை இழந்து நீலத்தை அதிகம் உணர்கிறது. செக் நாட்டு அறிவியலாளர் பூர்கின்யே 19-ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன விளைவு இது. ஆகவே, நீலம் என்பது கண்ணின் பழக்கத்துக்கு நாம் செய்யும் மரியாதை. அதை அளவோடு செய்தால் போதும்.

அடுத்ததுதான் மையமான வேலை. விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். பள்ளிப் பாடத்தில் படித்த இந்த விதியைக் குழுப்படத்தில் பயன்படுத்துவோர் குறைவு. இடது ஓரத்தில் நிற்கும் பெரியவர் விளக்கிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருக்கிறார். விளக்கு அவர் முகத்துக்கு 58 பங்கு வெளிச்சம் தருவதாகக் கொண்டால், ஏற்கெனவே உள்ள 12-ஐயும் சேர்த்து மொத்தம் 70. மூன்று மீட்டரில் நிற்பவருக்கு விளக்கு தருவது 26 மட்டுமே, மொத்தம் 38. நான்கு மீட்டரில் மணமக்கள், அவர்களுக்கு 27. வலது ஓரத்தில், 6 மீட்டர் தொலைவில் நிற்கும் பையனுக்கு வெறும் 19. Exposure அளவில் சொன்னால், பகல் படத்தோடு ஒப்பிட இவை முறையே -0.5, -1.4, -1.9, -2.4. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மாஸ்க் இட்டு, இந்த அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்ததும் ஓர் இக்கட்டு புலப்படும். படத்தின் நாயகர்களான மணமக்கள் முகத்தைவிட ஓரத்தில் நிற்கும் பெரியவர் முகம் இரண்டரை மடங்கு பிரகாசமாக இருக்கிறது. வாடிக்கையாளர் இதை ஏற்கமாட்டார். மணமக்களை மட்டும் தூக்கிக் காட்டலாம் என்று கை பரபரக்கும். அப்படிச் செய்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். சரியான வழி, விளக்கைத் தள்ளி வைப்பது. அதே திசையில், முதல் மனிதரிடமிருந்து 6 மீட்டர் தொலைவில் தெருவிளக்கு இருப்பதாகக் கொண்டால், கடைசி ஆள் 10 மீட்டரில் இருப்பார். விளக்கு தரும் வெளிச்சத்தில் அவர்களுக்கிடையேயான வேறுபாடு ஒன்பது மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். மேடையில் விளக்கு அமைப்பவர் செய்வதையே கணினியிலும் செய்கிறோம்.

வெளிச்சத்தைத் திருப்பித் தரும்போது முகம் முழுவதற்கும் ஒரே சீராகத் தரக்கூடாது. விளக்கு இடப்பக்கம் மேலே இருப்பதால், நெற்றியும் படத்தில் இடப்பக்கம் உள்ள கன்னமும் மஞ்சள் கலந்த வெளிச்சம் பெறும். மறு கன்னத்தில் நீலம் தங்கும். மூக்கின் நிழல் வலமாகக் கீழிறங்கும். தாடையின் நிழல் கழுத்தில் விழும். முன்வரிசையினரின் தலைநிழல், பின்னால் நிற்பவரின் தோளில் எங்கேனும் விழுந்தாக வேண்டும்.

இங்கேதான் தோலின் நிறம் குறுக்கே வருகிறது. ஒரு குடும்பத்தில் மாநிறத்தவரும் கறுத்தவரும் சிவந்தவரும் அருகருகே நிற்பார்கள். கறுத்த முகம் இருட்டில் தெரியவில்லையே என்று, அதன் மேல் வெண்மையைப் பூசி மற்றவர்களுக்கு இணையாக்கிவிடுவது பரவலான வழக்கம். இது இயற்பியலின்படியே பிழை. ஒளி ஒரு பெருக்கல்; வண்ணம் பூசுவது ஒரு கூட்டல். ஒரே தொலைவில் நிற்கும் இரு முகங்களுக்கு விளக்கு ஒரே மடங்கு வெளிச்சத்தைத்தான் தருகிறது. பகலில் ஒன்று மற்றதைவிடப் பாதி பிரகாசமாக இருந்திருந்தால், விளக்கொளியிலும் பாதியாகவே இருக்கும். Exposure பெருக்குகிறது, அதனால் இந்த விகிதம் காக்கப்படுகிறது. வெள்ளைத் தூரிகை கூட்டுகிறது. முகம் சாம்பல் பூத்து, மாவு தடவியதுபோலாகிவிடுகிறது. கறுத்த தோல் விளக்கொளியில் வேறுவிதமாக அழகு பெறும்: கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் நெற்றியிலும் கூர்மையான மினுமினுப்பு தெரியும். அதைச் சரியாக வைத்தால், நிறத்தை மாற்றாமலே முகம் துலங்கும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். 1994 ஜூனில் 'டைம்' இதழ், கைதான ஓ.ஜே. சிம்ப்ஸனின் காவல்துறைப் படத்தை இருட்டாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் 'நியூஸ்வீக்' அதே படத்தை மாற்றாமல் வெளியிட்டதால், இரண்டும் கடைகளில் அருகருகே நின்று வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தன. ஒரு கறுப்பின மனிதரின் முகத்தைக் கறுப்பாக்கி அச்சமூட்டும்படி காட்டியதாகக் கண்டனம் எழுந்தது. குடும்ப ஆல்பத்தில் செய்யும் மாற்றத்தைச் செய்திப் படத்தில் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கடைசியாகக் கண்கள். பகல் படத்தில் ஒவ்வொரு கருவிழியின் மேற்பாதியிலும் அகன்ற வானம் வெளுப்பாகப் பிரதிபலிக்கும். முகத்தைச் சரிசெய்துவிட்டு இதை மறப்பவர்கள் மிகுதி. அந்த வெளுப்பை அடக்கி, எல்லாக் கண்களிலும் இடப்பக்கம் மேலே ஒரு சிறு மஞ்சள் புள்ளியை வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் தெரியும் வானத்துக்கும், அட்டிகையிலும் பட்டுச்சரிகையிலும் தெரியும் பரந்த பளபளப்புக்கும் இதே சிகிச்சைதான். கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பார்த்தே ஒட்டுவேலையைக் கண்டறியும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஹனி ஃபரித் தம் குழுவினரோடு உருவாக்கியிருக்கிறார்.

தரையும் அப்படியே. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் எல்லோருடைய நிழலும் இணையாக ஓடும். விளக்கு அருகில் இருந்தால், நிழல்கள் அதன் அடியிலிருந்து விசிறிபோல விரியும். தள்ளி நிற்பவரின் நிழல் நீளும். சந்தேகப்படும் படம் கையில் கிடைத்தால், காலடி நிழல்களின் மேல் அளவுகோலை வைத்துக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். அவை ஓரிடத்தில் கூடவில்லை என்றால், ஒற்றை விளக்கின் வெளிச்சம் என்று சொல்லப்படுவது பொய்.

இவ்வளவும் செய்த பிறகும் வேட்டி காட்டிக்கொடுக்கலாம். மூலப்படத்தில் வெண்மை அளவு கடந்து, மடிப்புகள் பதிவாகாமல் போயிருந்தால், இருட்டாக்கும்போது அது சாம்பல் அட்டையாக நிற்கும். அங்கே மீட்டெடுக்க ஒன்றும் இல்லை. கேமரா தரும் 'ரா' கோப்பு இருந்தால் ஓரளவு விவரம் கிடைக்கும். கைப்பேசியில் பகிர்ந்து பகிர்ந்து சுருங்கிய படமாக இருந்தால், இருண்ட வானத்தில் படிப்படியான பட்டைகள்கூடத் தோன்றிவிடும். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சிறு பிரதி எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒளிரும் திரையில் இதமாகத் தெரியும் இரவு, தாளில் ஒரு படி கூடுதலாகவே இருளும். 19 பங்கு வெளிச்சம் பெற்ற அந்த வலது ஓரத்துப் பையன்தான் முதலில் காணாமல் போவான்.