வாசக்காலைக் கரையான் அரிக்காமலிருக்க...

நாகர்கோவில் பக்கம் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. சுவரின் ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் வாசக்கால் கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். தரை கழுவும் தண்ணீரை மரத்தின் கால் உறிஞ்சுகிறது. மண்ணிலிருந்து புறப்படும் கரையான், சுவருக்கும் மரத்துக்கும் நடுவே மறைவாக ஏறி அந்த ஈர மரத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. தட்டினால் பொள்ளல் சத்தம் வரும்போதுதான் நமக்கே தெரியும்.

தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மைதான். மரத்தின் நடுவில் உள்ள பொன்பழுப்பு நிற வைரப் பகுதிக்குத்தான் அந்தத் தடுப்பு உண்டு. அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியைக் கரையான் மற்ற மரங்களைப் போலவே தின்னும். இளம் மரத்தில் இந்த வெள்ளை அதிகம். கடையில் சாயம் பூசிவிட்டால் வேறுபாடு தெரியாது. அதனால் பூச்சு இல்லாத சட்டத்தைக் கேட்டு வாங்கி, நான்கு பக்கமும் இரு முனைகளும் பாருங்கள்.

7 அடி உயரம், மூன்றரை அடி அகலம் உள்ள வாசலுக்கு இரண்டு கால்களும் மேல்சட்டமும் சேர்ந்து பதினேழரை அடி நீளம் வரும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டை என்றால் சுமார் 1.8 கன அடி. இந்தக் கணக்கோடு போனால், வைரத் தேக்குக்கும் வெள்ளை கலந்த தேக்குக்கும் விலையை நேராக ஒப்பிடலாம்.

தொழிற்சாலையில் ஒட்டிச் செய்யும் மரங்களில் எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் ஊதிவிடும், வாசக்காலுக்கு ஆகாது. மரத்தூளும் பி.வி.சி.யும் கலந்த டபிள்யூ.பி.சி. சட்டம் தண்ணீரைத் தாங்கும். கரையானுக்கும் அதில் அதிக இரை இல்லை. குளியலறைக்கு அது பொருத்தம். ஆனால் கனமான தலைவாசல் கதவின் கீல் திருகுகளைத் தேக்கு பிடிப்பதுபோல் அது பிடிக்காது.

துத்தநாகம் பூசிய எஃகு நிலையைக் கரையான் தின்ன முடியாது. ஆனால் உள்ளே வெற்றிடமாக விட்டால் அதன் வழியாகவே மேலேறி மரக்கதவையும் பரணையும் பிடிக்கும். பொருத்தும்போது பின்பக்கக் குழிவை இடைவெளியின்றிச் சிமெண்ட் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். துரு முதலில் பிடிப்பது தரையைத் தொடும் அடிப்பகுதியில்தான். கடற்காற்று வீசும் இடத்தில் பூச்சு உரிந்ததும் மறுபடி பூசுவது அவசியம்.

என் பரிந்துரை இதுதான்: தலைவாசலுக்கு வெள்ளை இல்லாத தேக்கு, குளியலறைக்கு டபிள்யூ.பி.சி., பின்வாசலுக்கு எஃகு. எதை வைத்தாலும் தளம் போடுவதற்கு முன்பே மண்ணுக்குக் கரையான் மருந்து அடித்துவிடுங்கள். தேக்கு என்றால், சுவரைத் தொடும் பக்கத்துக்கும் காலின் அடிமுனைக்கும் தார் பூசிய பிறகே கொத்தனார் அதை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் அந்தப் பக்கங்களுக்குத் தூரிகை எட்டாது.