பென்சில் போட்ட வளையத்துக்குள் எத்தனை ஜூல்?

1796ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் ஒரு சின்ன வேலை செய்தார். நீராவி எந்திரத்தின் சிலிண்டரோடு ஒரு குட்டி சிலிண்டரை இணைத்தார். அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன். அதன் நுனியில் பென்சில். நீராவியின் அழுத்தம் கூடினால் பென்சில் மேலே போகும், குறைந்தால் கீழே வரும். காகிதம் ஒட்டிய பலகை, பெரிய பிஸ்டன் நகர்வதற்கேற்ப இடமும் வலமுமாக நகரும். எந்திரம் ஒரு சுற்று முடிக்கும்போது காகிதத்தில் ஒரு மூடிய வளையம் விழுந்திருக்கும். எந்திரம் செய்யும் வேலை அதிலேயே தெரிந்துவிடும் என்பதால், வாட்டின் நிறுவனம் இந்தக் கருவியைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது.

இன்று பதினோராம் வகுப்பு மாணவர் போடும் அழுத்தம்–கனஅளவு வரைபடமும் இதுதான். படுக்கைக் கோட்டில் கனஅளவு, செங்குத்துக் கோட்டில் அழுத்தம்.

வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது அது செய்யும் வேலை, அழுத்தத்தைக் கனஅளவு மாற்றத்தால் பெருக்கினால் கிடைப்பது. படத்தில் அது கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பு. பிஸ்டன் திரும்பி வரும்போது வாயுவை நாம் அமுக்க வேண்டும். அதற்குச் செலவாகும் வேலை, திரும்பும் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிஞ்சுவது வளையத்துக்குள் அடைபட்ட பரப்பு. நிகர வேலை அதுதான்.

ஓர் எளிய சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் வாயு 1 லிட்டரிலிருந்து 3 லிட்டராக விரிகிறது. பிறகு கனஅளவு மாறாமல் அழுத்தம் 100க்கு இறங்குகிறது. அதே 100இல் 1 லிட்டருக்குச் சுருங்கி, மீண்டும் 300க்கு ஏறுகிறது. ஒரு கிலோபாஸ்கலை ஒரு லிட்டரால் பெருக்கினால் சரியாக ஒரு ஜூல் என்பது இங்கே பெரிய வசதி. விரியும்போது வரவு 600 ஜூல், சுருங்கும்போது செலவு 200, மிச்சம் 400. செங்குத்தான இரண்டு பக்கங்களிலும் பிஸ்டன் நகரவே இல்லை. ஆகவே அங்கே வேலை பூஜ்ஜியம். அழுத்தமானியில் வளிமண்டல அழுத்தத்தைக் கழித்து அளந்திருந்தாலும் விடை மாறாது. போகும்போது குறைந்தது திரும்பும்போதும் அதே அளவு குறைந்துவிடும்.

நிஜ எந்திரத்தின் வளையம் செவ்வகமாக இருக்காது, வளைந்து நெளிந்திருக்கும். அப்போது கட்டம் போட்ட தாளில் எண்ணலாம். ஒரு கட்டத்தின் அகலம் 0.2 லிட்டர், உயரம் 50 கிலோபாஸ்கல் என்றால் கட்டம் ஒன்றுக்கு 10 ஜூல். பாதிக்கு மேல் உள்ளே விழும் கட்டத்தை முழுசாகச் சேர்த்து, குறைவானதை விட்டுவிட்டால் போதும். ஓரளவு சரியான விடை வந்துவிடும்.

எண்ணுவதற்கு முன் அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். வளையம் கடிகார முள்ளின் திசையில் சுற்றினால் எந்திரம் வேலை தருகிறது. எதிர்த்திசையில் சுற்றினால் வேலையை வாங்கிக்கொள்கிறது. குளிர்பதனப் பெட்டியின் சுழற்சி அப்படிப்பட்டது.

நான்கு வீச்சு பெட்ரோல் எந்திரத்தில் இந்த இரண்டு திசையும் ஒரே படத்தில் வந்துவிடும். மேலே பெரிய வளையம்: கலவை அமுங்கி, எரிந்து, விரிவது. அது வலமாகச் சுற்றும். கீழே ஒடுங்கலான ஒரு சின்ன வளையம்: புகையை வெளியே தள்ளுவதும் புதுக் கலவையை உறிஞ்சுவதும். தள்ளும்போது அழுத்தம் அதிகம், உறிஞ்சும்போது குறைவு. அதனால் அது இடமாகச் சுற்றும். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மட்டும் மிதித்து ஓட்டும்போது காற்றுப் பாதை அடைபட்டு இந்தச் சின்ன வளையம் பருக்கும்.

அரை லிட்டர் சிலிண்டர் ஒன்றில் மேல் வளையம் 250 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். புகை வெளியேறும் அழுத்தம் சுமார் 105, உறிஞ்சும் அழுத்தம் 45 என்றால் கீழ் வளையம் ஏறக்குறைய 60 பெருக்கல் 0.5, அதாவது 30 ஜூல். இரண்டையும் கூட்டினால் தவறு. கழித்தால் 220 ஜூல். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எந்திரத்தில் இந்தச் சுழற்சி வினாடிக்கு 25 தடவை நடக்கும். எனவே திறன் 5.5 கிலோவாட்.

இது பிஸ்டன் தலையில் வாயு கொடுக்கும் கணக்கு மட்டுமே. பிஸ்டன் வளையங்களிலும் பேரிங்குகளிலும் உராய்வு தின்றது போக, கிராங்க் தண்டுக்கு வந்து சேர்வது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.