குறைந்த கொழுப்பு, கூடிய ஆபத்து: அழற்சி நோய்களில் இதயம்

முரணாகத் தோன்றும் ஓர் உண்மை

முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் ஆகிய மூன்றும் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்குவதால் நீடிக்கும் அழற்சி நோய்களாகும். அழற்சி என்பது கிருமியையோ காயத்தையோ எதிர்கொள்ள உடல் மூட்டும் தற்காப்புத் தீயாகும். இந்நோய்களில் அத்தீ அணையாமல் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. மூட்டிலும் தோலிலும் வெளிப்படும் இந்த அழற்சி இரத்தக்குழாய்களையும் பாதிப்பதால், இந்நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக உள்ளது. ஆயினும் முடக்குவாதம் தீவிரமாக இருக்கும் காலத்தில் இரத்தத்தில் கொழுப்பின் அளவு உயர்வதற்கு மாறாகக் குறைந்தே காணப்படுகிறது. மருத்துவ உலகம் இதனைக் 'கொழுப்பு முரண்' என்று குறிப்பிடுகிறது.

அளவு ஏன் குறைகிறது?

மூட்டுகளில் அழற்சி மூளும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற செய்தி கடத்தும் புரதங்களை மிகுதியாகச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். துகள்கள் வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்திலிருந்து அகற்றப்படுவதால் அதன் அளவு தாழ்கிறது. இன்டர்லூக்கின்-6 செயல்படும் வழியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைச் செலுத்தியதும் எல்.டி.எல். உயர்வது இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது.

'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். அளவில் குறைவதோடு தன்மையிலும் மாறுகிறது. இயல்பான நிலையில் அது குழாய்ச் சுவரில் தங்கிய கொழுப்பை எடுத்துக் கல்லீரலுக்குத் திருப்புவதோடு, எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுவதையும் தடுக்கிறது. அழற்சியின்போது கல்லீரல் பெருமளவில் உண்டாக்கும் சீரம் அமிலாய்டு-ஏ என்னும் புரதம், எச்.டி.எல். துகளில் இருக்க வேண்டிய காப்புப் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், காவலாக இருந்த அத்துகள் அப்பணியை இழக்கிறது.

ஓர் ஆய்வறிக்கையை வாசிக்கும் முறை

எடுத்துக்காட்டாக, கை மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் விரல்களை மடக்க இயலாத நிலையிலுள்ள 52 வயதுப் பெண் ஒருவரின் அறிக்கையைக் கொள்ளலாம். மொத்தக் கொழுப்பு 160, எல்.டி.எல். 90, எச்.டி.எல். 32 மில்லிகிராம் என்று அதில் இருந்தால், முதல் இரண்டு எண்களும் ஆறுதல் அளிப்பதாகவே தோன்றும். ஆனால் மொத்தக் கொழுப்பை எச்.டி.எல். அளவால் வகுத்தால் 5 என்னும் உயர்ந்த விகிதம் வருகிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவோ இயல்பைப் பன்மடங்கு கடந்து நிற்கிறது.

மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் வீக்கம் வடிந்த பின்னர் அதே பெண்ணுக்கு மொத்தக் கொழுப்பு 186, எல்.டி.எல். 110, எச்.டி.எல். 46 என்று வரலாம். எல்.டி.எல். 20 கூடியிருப்பினும் மேற்சொன்ன விகிதம் ஏறத்தாழ 4 ஆகக் குறைந்துள்ளது. அழற்சி மறைத்து வைத்திருந்த அவரது இயல்பான அளவு இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது என்பதால், எல்.டி.எல். கூடியதைக் கண்டு அஞ்சி மூட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவது தவறாகும். அவ்வுயர்வைப் புறக்கணிப்பதும் தவறே. ஸ்டாட்டின் தேவையா என்பதை மருத்துவர் இந்த இரண்டாம் அறிக்கையைக் கொண்டே முடிவு செய்வது பொருத்தமாகும்.

இதனால்தான் நோய் கட்டுப்பட்ட நிலையில் கொழுப்பைச் சோதிக்குமாறு ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு பரிந்துரைத்தது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வழக்கமான இதய ஆபத்துக் கணிப்பை 1.5 ஆல் பெருக்கவும் அது வழிகாட்டியது. அதன்படி பத்தாண்டுகளில் 6 விழுக்காடு எனக் கணிக்கப்படும் ஆபத்து 9 விழுக்காடாகக் கொள்ளப்படும்.

சொரியாசிஸிலும் லூபஸிலும் காணும் வேறுபாடு

சொரியாசிஸில் உடற்பருமன், நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை சேர்ந்தே வருவது மிகுதி என்பதால், ட்ரைகிளிசரைடு உயர்ந்தும் எச்.டி.எல். தாழ்ந்தும் இருப்பது பெரும்பாலும் காணப்படுகிறது. சொரியாசிஸுக்குக் கொடுக்கப்படும் அசிட்ரெடின், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளும் கொழுப்பை உயர்த்தக்கூடியவை.

லூபஸில் ட்ரைகிளிசரைடைச் சிதைக்கும் நொதிக்கு எதிராகவே சிலரின் உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டுச் சிறுநீரில் புரதம் பெருமளவில் வெளியேறினால் எல்.டி.எல். உயர்கிறது, நெடுங்காலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு இச்சுமையைக் கூட்டுகிறது. ஆகவே மாதவிடாய் நிற்காத இளம்பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்னும் பொதுவான எண்ணம் லூபஸ் உள்ளவருக்குப் பொருந்தாது. அவருக்கு நெஞ்சு இறுக்கமோ காரணமற்ற மூச்சுத்திணறலோ ஏற்படின், வயதைக் காட்டி அதனை வாயுத் தொல்லை என்று ஒதுக்காமல் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.