புயலுக்கு முந்தைய தெரு

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியைச் சூறையாடியது. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் படமெடுக்கப் போகிறவர், “அந்த ராத்திரி என்ன நடந்தது பாட்டி?” என்று தொடங்கினால், பலமுறை சொல்லிப் பழகிய கதையே திரும்ப வரும், இல்லையென்றால் அழுகை வரும்.

தெருவிலிருந்து தொடங்குவதே நல்லது. “வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும்?”, “தலைமன்னார் கப்பல் வரும் நாளில் ஸ்டேஷன் பக்கம் எப்படி இருக்கும்?” இப்படிக் கேட்டால் கருவாட்டு வாசனையும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் தானாக வரும். புயலை அவரே எடுக்கட்டும். “பயமாக இருந்ததா?” என்ற கேள்வி பதிலை வாயில் ஊட்டிவிடுகிறது. “அப்புறம்?” என்பதே போதும். பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்குக் கேமரா வேண்டாம். படம் எங்கே காட்டப்படும், யூடியூபில் ஏறுமா என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, மகனிடமல்ல, அவரிடமே சம்மதம் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்மதத்தைக் குரலில் பதியலாம்.

தேதி தவறினால் குறுக்கிட வேண்டாம். சரியான தேதியைப் படத்தில் எழுத்தாகப் போடலாம். அவர் அழுதால் முதலில் கேமராவை நிறுத்துங்கள். தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும்.

வெட்டித் தொகுத்த படத்தை, வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். “இது வேண்டாம்” என்று அவர் சொல்லும் பகுதியை எடுத்துவிடுங்கள்.