'ஓகே, தேங்க்ஸ்' எழுதும் முன்

திருச்சியில் ஓர் ஆசிரியை, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காஷ்மீர் போக ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் 1,20,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் சென்னையிலிருந்து. திருச்சி – சென்னை ரயிலுக்கும் சென்னையில் ஓர் இரவு அறைக்கும் தனியாக 6,400 ரூபாய் செலவழித்து முன்பதிவு செய்துவிட்டார். புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது, "போதுமான ஆட்கள் சேரவில்லை" என்று நிறுவனமே பயணத்தை ரத்து செய்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: விமான, ஓட்டல் ரத்துக் கட்டணம் 42,000 போக 78,000 ரூபாய் தருகிறோம், இது முழுமையான, இறுதியான தீர்வு, ஒப்புதல் என்று மூன்று நாளுக்குள் பதில் அனுப்புங்கள், உடனே வங்கியில் வரவு வைக்கிறோம்.

மூன்று வாரம் அலைந்த களைப்பில் நம்மில் பலர் "ஓகே, தேங்க்ஸ்" என்று அனுப்பிவிடுவோம். மீதிப் பணத்துக்கு அப்புறம் சண்டை போடலாம் என்பது மனக்கணக்கு. ஆனால் அந்த இரண்டு சொல்லிலேயே மீதிப் பணம் போய்விடக்கூடும்.

காரணம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 63ஆவது பிரிவு, வரவேண்டியதைக் குறைத்துக்கொள்ளவோ விட்டுக்கொடுக்கவோ ஒருவருக்கு முழு உரிமை உண்டு என்கிறது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவர் 5,000 ரூபாய் கடன்பட்டிருக்கிறார், 2,000 தருகிறார், கடன் கொடுத்தவர் அதை முழுக் கடனுக்கும் சரியென்று வாங்கிக்கொள்கிறார். கடன் அத்தோடு தீர்ந்தது. விட்டுக்கொடுத்த 3,000 ரூபாய்க்கு ஈடாக வேறேதும் பெற்றிருக்க வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. ஆக, கையில் வந்தது எவ்வளவு என்பது மட்டும் கேள்வியல்ல. எதற்காக என்று சொல்லி வாங்கினோம் என்பதுதான் கேள்வி.

வாய் திறந்து "சரி" என்று சொல்லாவிட்டாலும், செயலாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகலாம். அதே சட்டத்தின் 8ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: நிபந்தனையோடு தரப்படுவதை ஏற்று வாங்கிக்கொண்டால் அந்த நிபந்தனைக்கும் சம்மதித்ததாகும். இதை 2006இல் உச்ச நீதிமன்றம் பகவதி பிரசாத் பவன் குமார் வழக்கில் தெளிவாக்கியது. ஒரு வணிகர் ரயில்வேயிடம் இழப்பீடு கேட்டிருந்தார். ரயில்வே குறைந்த தொகைக்குக் காசோலைகளை அனுப்பியது. சம்மதமில்லையென்றால் காசோலையை உடனே திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் முழு இறுதித் தீர்வாக ஏற்றதாகக் கருதப்படும் என்று கூடவே ஒரு கடிதமும் இருந்தது. வணிகர் காசோலைகளைப் பணமாக்கிக்கொண்டு மீதியைக் கேட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்சேபத்தைக் காசோலையைப் பணமாக்கும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். ஆட்சேபமில்லாமல் ஏற்றுக்கொண்ட பிறகு மனம் மாறுவதற்கு இடமில்லை என்றது.

இந்தத் தீர்ப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் விதி எளிது: ஆட்சேபம் முன்னால், பணம் பின்னால்.

இனி ஆசிரியைக்கு வந்த மின்னஞ்சலை மறுபடி படிப்போம். 78,000 என்பது நிறுவனம் பெருந்தன்மையோடு சேர்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல. பிடித்தம் செய்ய வேண்டியதாகத் தானே சொல்லும் 42,000 போக மிச்சம். அதாவது அந்தத் தொகை தரவேண்டியதுதான் என்று நிறுவனமே கணக்குப் போட்டிருக்கிறது. தகராறு இருப்பது 42,000 மேலும், கெட்டுப்போன ரயில், அறைச் செலவு 6,400 மேலும்தான். மொத்தம் 48,400 ரூபாய். தகராறில்லாத தொகையைக் கொடுக்க, தகராறுள்ள தொகையை விட்டுவிடு என்பதுதான் அந்த "இறுதித் தீர்வு" என்ற சொல்லின் வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் பதிலின் வேலை.

பதிலுக்கு வக்கீல் தமிழோ வக்கீல் ஆங்கிலமோ வேண்டாம். ஆசிரியை இப்படி எழுதலாம்:

"உங்கள் இந்தத் தேதியிட்ட மின்னஞ்சல் கிடைத்தது. பயணத்தை ரத்து செய்தது நீங்கள். எனவே நான் கட்டிய 1,20,000 ரூபாயும், உங்கள் ரத்தால் எனக்கு வீணான 6,400 ரூபாயும் எனக்கு வரவேண்டியவை. 78,000 ரூபாயை முழு, இறுதித் தீர்வாக நான் ஏற்கவில்லை. அது தரவேண்டிய தொகை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், அதை என் மொத்தக் கோரிக்கையில் ஒரு பகுதியாக மட்டும் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். மீதி 48,400 ரூபாயைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த அடிப்படையில் 78,000 ரூபாயை என் கணக்கில் செலுத்துங்கள். பிடித்தம் செய்த 42,000 ரூபாய்க்கு விமான நிறுவனமும் ஓட்டலும் உங்களுக்குக் கொடுத்த ரத்துக் கட்டண ரசீதுகளை அனுப்புங்கள். 15 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இதில் "ஏற்கவில்லை" என்ற சொல்லும் "பகுதியாக மட்டும்" என்ற சொல்லும் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் நிறுவனம் 78,000 ரூபாயையும் நிறுத்திவைக்கச் சாக்குச் சொல்லும். இரண்டாவது மட்டும் இருந்தால் நிபந்தனையைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லை என்று பிறகு வாதாடும். ரசீது கேட்பதும் வெறும் சம்பிரதாயமல்ல. விமான நிறுவனத்துக்கு உண்மையில் பணம் போயிருந்தால் ரசீது இருக்கும். இல்லாவிட்டால் அந்த மௌனமே ஆணையத்தில் உங்கள் பக்கம் பேசும்.

ஒரு எச்சரிக்கை. பலர் இத்தகைய கடிதத்தின் தலையில் "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று பெரிதாகப் போடுகிறார்கள். அது மந்திரம் என்ற நினைப்பு. ஆனால் நீதிமன்றத்தில் அந்தத் தலைப்புக்கு இன்னொரு பொருள் உண்டு: இது சமரசப் பேச்சு, இதைப் பின்னால் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்பது. நாமோ இந்தக் கடிதத்தைத்தான் நாளை காட்ட வேண்டும். எனவே தலைப்பை விட்டுவிட்டு, மீதியைக் கோரும் உரிமையை விடவில்லை என்று உள்ளேயே நேராக எழுதுவது பாதுகாப்பு.

கடிதத்துக்கு நிறுவனம் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். பணத்தைப் போட்டுவிட்டு மீதியைப் பற்றி மௌனமாக இருந்தால் நல்லது. உங்கள் கடிதம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. அடம்பிடித்து, "இறுதித் தீர்வு என்றால்தான் தருவோம்" என்று சொன்னால், அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தானே ஒப்புக்கொண்ட தொகையைப் பிணையாக வைத்துக்கொண்டு பேரம் பேசியதற்கு அதுவே ஆதாரம். அந்த நிலையில் முழு 1,26,400 ரூபாய்க்கும் புகார் கொடுப்பதா, இல்லை மனமறிந்து 78,000 ரூபாயோடு முடித்துக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. இடைவழி என்று எண்ணி, நிபந்தனையை ஏற்பதாகக் காட்டி வாங்கிக்கொண்டு பிறகு மறுப்பதுதான் மேலே பார்த்த வணிகர் விழுந்த பள்ளம்.

மூன்றாவது விதம் தந்திரமானது. உங்கள் பதிலுக்குக் காத்திராமல் பணத்தை நேராகக் கணக்கில் போட்டுவிட்டு, "உங்கள் விவகாரம் முடிந்தது" என்று ஒரு செய்தி. நீங்கள் எதையும் செய்யவில்லை. ஆனாலும் வாய்மூடி இருக்காதீர்கள். பார்த்த அன்றே எழுதுங்கள்: வந்த 78,000 ரூபாயைப் பகுதித் தொகையாக வரவு வைத்திருக்கிறேன், இறுதித் தீர்வாக அல்ல, நிபந்தனையோடுதான் தந்தோம் என்பது உங்கள் நிலை என்றால் ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள், திருப்பி அனுப்புகிறேன். அந்த ஏழு நாள் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். காசோலையாக வந்தால் வங்கியில் போடுவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும். காசோலை மூன்று மாதம் செல்லும், அவசரமில்லை. திருப்பி அனுப்பச் சொல்லும் வாசகம் இருந்து, பகுதித் தொகையாகத் தரவும் நிறுவனம் மறுத்தால், நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நிபந்தனை இன்று கடிதத்தில் மட்டும் வருவதில்லை. "ரீஃபண்டை ஏற்கிறேன்" என்ற பொத்தான், அதற்கு வரும் ஓ.டி.பி., வாட்ஸ்அப்பில் போடும் கட்டைவிரல் படம், "நன்றி, பிரச்சினை தீர்ந்தது" என்ற ஒரு வரி, எல்லாமே சம்மதத்துக்குச் சான்றாகக் காட்டப்படலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருந்தால், நிறுவனம் அங்கேயும் "பணம் தந்துவிட்டோம்" என்று எழுதும். புகார் தீர்ந்ததா என்று கேட்டால் ஆம் என்று போகிற போக்கில் சொல்லிவிடாமல், பகுதித் தொகைதான் வந்தது, 48,400 பாக்கி என்று பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள்? கதவு முழுதாக மூடிவிடவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பைசல் ரசீதில் கையெழுத்திட்ட ஒரே காரணத்தால் நுகர்வோரின் உரிமை போய்விடாது என்று 1999இல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் – அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மோசடி, தவறான தகவல், முறையற்ற நெருக்கடி இவற்றில் ஒன்றால் அந்தக் கையெழுத்து வாங்கப்பட்டது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பணமுடையில் இருந்தேன் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பிந்தி நிரூபிப்பதைவிட முந்தி நாலு வரி எழுதுவது சுலபம்.

ஆசிரியையின் கதையில் பதினைந்து நாள் முடிந்து மீதி வராவிட்டால், திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கியவர் வசிக்கும் ஊரிலும் புகார் தர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. புகாரோடு அவர் இணைக்க வேண்டிய தாள்கள் சில: பணம் கட்டிய ரசீது, ரத்துச் செய்தி, நிறுவனத்தின் மின்னஞ்சல், ரயில், அறை ரசீதுகள், தன் பதில், 78,000 வரவான நாளைக் காட்டும் வங்கிக் கணக்குத் தாள்.

ஆணையம் தேதிகளைப் பார்க்கும். கடைசி இரண்டு தாளில், பதிலின் தேதி வரவின் தேதிக்கு முந்தியதாக இருந்தால், "அவர்தான் ஒப்புக்கொண்டாரே" என்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்து சொல்வது கடினம்.