கடை வாடகை எந்த நாளில் தொடங்குகிறது? உள்வேலைக்கான சலுகைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

புதிதாகக் கடை எடுப்பவர் சாவியைப் பெற்ற மறுநாளே வியாபாரத்தைத் தொடங்கிவிட முடியாது. தரை, மின்கம்பி, அலமாரி, பெயர்ப்பலகை என உள்வேலைகள் முடியச் சில வாரங்கள் ஆகும். வருமானமே இல்லாத அந்த நாள்களுக்கு வாடகை கேட்க வேண்டாம் என உரிமையாளரிடம் கோருவது வணிகக் குத்தகைகளில் வழக்கமான ஒன்றுதான். ஆனால், இது சட்டம் தரும் உரிமை அன்று. பேசிப் பெற வேண்டிய சலுகை. எத்தனை நாள் என்பதில்தான் பெரும்பாலும் பேரம் நடக்கிறது. அந்த நாள்களை எப்போதிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

பெங்களூரில் ஒருவர் மாதம் ரூ.80,000 வாடகையில் பேக்கரிக்காகக் கடை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 1-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 45 நாள்கள் வாடகை இல்லை, ஜூலை 16 முதல் வாடகை என்று அதில் எழுதப்படுகிறது. முந்தைய வாடகைதாரர் பொருள்களை அகற்றத் தாமதித்ததால் ஜூன் 20-இல்தான் சாவி கைக்கு வருகிறது. மின்சார அடுப்புகளுக்குத் தேவையான கூடுதல் மின்சுமை ஜூலை 8-இல் கிடைக்கிறது. வேலைகள் முடிந்து ஆகஸ்ட் 10-இல் கடை திறக்கிறது. தாளில் 45 நாள் சலுகை இருந்தும், திறக்காத கடைக்கு 25 நாள் வாடகையாகச் சுமார் ரூ.64,500 செலுத்த நேர்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பது நாள்காட்டித் தேதி என்பதால், உரிமையாளர் அதைக் கேட்பதில் தவறு காண இயலாது.

இதற்குத் தீர்வு, வாடகை தொடங்கும் நாளைத் தேதியாகக் குறிக்காமல் ஒப்படைப்புடன் இணைப்பது. 'காலியான கடை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்கள் முடிந்த மறுநாள் வாடகை தொடங்கும்' என்று எழுதினால் போதும். சாவி கைமாறும்போது இருதரப்பும் தேதியிட்டுக் கையெழுத்திடும் ஒப்படைப்புக் கடிதம் அவசியம். அதில் கடையின் நிலை, மின் மீட்டர் அளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

மின்சுமை சற்றுச் சிக்கலானது. வாடகைதாரரின் தொழிலுக்காகக் கேட்கப்படும் கூடுதல் மின்சாரம் வரும்வரை காத்திருக்க எந்த உரிமையாளரும் ஒப்பமாட்டார். அது நியாயமும் அன்று. எனினும், மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தால் விண்ணப்பத்துக்கு அவருடைய ஒப்புதல் தேவைப்படும். எனவே, அந்தப் படிவங்களில் ஒப்பந்த நாளன்றே கையெழுத்திட வேண்டும். அவரால் ஏற்படும் தாமதம் சலுகைக் காலத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்கலாம்.

உரிமையாளர் ஏன் இணங்க வேண்டும்? மேற்கண்ட கடையில் 45 நாள் சலுகையின் மதிப்பு ரூ.1.20 லட்சம். வாடகைதாரர் 36 மாதங்களுக்குக் காலி செய்வதில்லை என உறுதியளித்தால், அந்தக் காலத்தில் கிடைக்கும் வாடகை ரூ.28.80 லட்சம். சலுகை அதில் ஏறக்குறைய 4 விழுக்காடு மட்டுமே. நீண்ட கால உறுதியை முன்வைத்துக் கேட்கும் கோரிக்கை எளிதில் எடுபடுவதற்கு இதுவே காரணம். மாறாக, 11 மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதச் சலுகை கேட்பது வீண் முயற்சி. அத்தகைய கடையில் லட்சக்கணக்கில் உள்வேலை செய்வதே யோசிக்க வேண்டிய விஷயம்.

சலுகையைத் தந்துவிட்டு மாத வாடகையை ரூ.84,000 ஆக்குவதும் உண்டு. 36 மாதங்களில் கூடுதலாகச் செலுத்துவது ரூ.1.44 லட்சம்; அதாவது, சலுகையைவிட அதிகம். அதன் பின்னர் வரும் வாடகை உயர்வும் இந்த உயர்ந்த தொகையின் மீதே கணக்கிடப்படும்.

சலுகைக் காலத்தில் வாடகை மட்டுமே தள்ளுபடியாகும். வேறு விதமாக எழுதப்படாவிட்டால், வளாகப் பராமரிப்புக் கட்டணமும் மின் கட்டணமும் முதல் நாளிலிருந்தே கேட்கப்படலாம். உறுதியளித்த காலத்துக்கு முன்பே காலி செய்தால் தள்ளுபடி செய்த வாடகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் இடம்பெறும். கடைக்காரர் முன்னதாகவே கடையைத் திறந்தால் அன்றிலிருந்தே வாடகை என்ற நிபந்தனையையும் உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அதை ஏற்பதில் பெரிய இழப்பு இல்லை.

இவை யாவும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் நிபந்தனைக்கு முரணான வாய்மொழி உறுதியை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப்படாத ஆவணத்தில் உள்ள குத்தகை நிபந்தனைகளை, அதே சட்டத்தின் 49-ஆவது பிரிவு காரணமாக, பொதுவாகச் சான்றாகக் காட்ட இயலாது. சலுகைக் காலம் குறித்துத் தனிக் கடிதம் பெறுவதைவிட, பதிவாகும் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்ப்பது பாதுகாப்பானது.